பாலாற்றைப் பற்றி எட்டு வரி: அணி, உணர்வு, தொனி மூன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது?

இலக்கியத் தாளில் ஒரு கவிதைப் பகுதியைக் கொடுத்து, அதிலுள்ள அணி எது, அது எழுப்பும் உணர்வு என்ன, பேசுகிறவரின் தொனி எப்படிப்பட்டது என்று கேட்பார்கள். மேல்நிலை வகுப்பில் இது நயம் பாராட்டலாக வருகிறது. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களிடம் அதையே மூட், டோன் என்று பிரித்துக் கேட்கிறார்கள். எந்தப் பெயரில் வந்தாலும் நம் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் விடைத்தாளில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "இப்பாடலில் உவமை அணி, உருவக அணி, தற்குறிப்பேற்ற அணி ஆகியவை பயின்று வந்துள்ளன. சோகச் சுவை ததும்புகிறது. கவிஞர் சமூக அக்கறையோடு பாடியுள்ளார்."

இந்த மூன்று வாக்கியத்தையும் எந்தக் கவிதைக்கு அடியிலும் எழுதிவிடலாம். கேள்வித்தாளில் இருக்கும் பகுதியைப் படிக்காமலேகூட எழுதலாம். அதனால்தான் மதிப்பெண் போகிறது. அணியின் பெயர் தெரியாததால் மதிப்பெண் போகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெயர் பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. அணி ஒரு பக்கம், உணர்வு ஒரு பக்கம், தொனி ஒரு பக்கம் என்று மூன்றையும் தனித்தனியாகத் தேடுவதில்தான் சிக்கல்.

ஒரு பகுதியை எடுத்து முழுவதும் செய்து பார்ப்போம். இது பாடநூலில் இருப்பதில்லை, இந்த விளக்கத்துக்காகவே நான் எழுதிய வரிகள். காட்பாடிக்கும் வேலூருக்கும் நடுவே பாலத்தில் போய் வருகிற எல்லோருக்கும் தெரிந்த காட்சி.

பாலாறு எங்கள் ஊரில்
படுத்துக் கிடக்கும் கிழவி.
விலா எலும்பாய் மணல்திட்டு,
வெயிலே அவள் போர்வை.
"தண்ணி எப்ப வரும்?" என்று
தோளில் இருந்த பிள்ளை கேட்டான்.
"வந்தா சொல்லி அனுப்புவா" என்றேன்,
மணல் லாரிகளை எண்ணியபடி.

அணியைத் தேடுவதற்கு முன்னால் யார் பேசுகிறார், யாரிடம், எங்கே நின்று என்று பார்த்துவிட வேண்டும். இது இரண்டு நிமிட வேலை. ஆனால் பின்னால் தொனியைப் பற்றி எழுதும்போது இதுதான் கைகொடுக்கும். இங்கே பேசுகிறவர் ஒரு பெரியவர், தோளில் ஒரு ஆண்பிள்ளை. "என்றேன்" என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. தோளில் தூக்கியிருப்பதால் அப்பா என்று பலர் எழுதிவிடுவார்கள். தாத்தாவாக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். தெரியாத இடத்தில் "பேசுபவர்" என்றே எழுதுவது நல்லது. பேசுபவரைக் கவிஞர் என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை. கவிஞர் ஒருவரைப் பேச வைத்திருக்கிறார், அவ்வளவுதான். இந்த இடைவெளி பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது அணி. முதல் இரண்டு வரியில் பாலாறுதான் கிழவி. "கிழவி போலக் கிடக்கும் பாலாறு" என்றிருந்தால் உவமை. போல, அன்ன, ஒப்ப, நிகர, மான என்று நன்னூல் தருகிற உவம உருபுகளில் ஒன்றுகூட இங்கே இல்லை. உருபு மறைந்து வந்திருக்குமோ என்ற ஐயம் வரலாம். அதற்குச் சொல் வரிசையைப் பார்க்க வேண்டும். மதிமுகம் என்றால் உவமை முன்னால் நிற்கிறது, மதி போன்ற முகம். முகமதி என்றால் பொருள் முன்னால் நிற்கிறது, முகமாகிய மதி, அது உருவகம். இங்கே பொருளாகிய பாலாறு முன்னால் வந்து, கிழவி பின்னால் வந்திருக்கிறது. எனவே உருவகம்.

மூன்றாவது வரிதான் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது. "விலா எலும்பாய்" என்றதும் அந்த 'ஆய்' காதுக்குப் 'போல' என்று கேட்கும், உடனே உவமை என்று எழுதிவிடுவார்கள். பேச்சு வழக்கில் 'ஆய்' அப்படியும் வரும் என்பதால் இதை முழுத் தவறு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பொய்கையாழ்வாரின் "வையம் தகளியா வார்கடலே நெய்யாக" என்ற பாசுரத்தை உருவக அணிக்கு எடுத்துக்காட்டாகப் படித்திருப்போம். உலகத்தை அகலாகவும் கடலை நெய்யாகவும் ஆக்கிவிடுகிறது அந்த 'ஆக'. நம் வரியிலும் அதே வேலைதான் நடக்கிறது. இதைவிடப் பலமான சான்று முன்வரியிலேயே இருக்கிறது. ஆறு ஏற்கனவே கிழவி ஆகிவிட்டது. கிழவிக்கு விலா எலும்பு இருக்கத்தான் செய்யும். ஆகவே மணல்திட்டு எலும்பு போன்றது என்று புதிதாக ஒப்பிடவில்லை, முதல் உருவகமே உடல் முழுக்கப் பரவுகிறது. நான்காம் வரியில் வெயில் போர்வையாவதும் அந்தப் பரவலின் தொடர்ச்சிதான்.

இதை விடையில் எழுதும்போது மூன்று உருவகங்கள் என்று எண்ணிச் சொல்வதைவிட, ஒரே உருவகம் நான்கு வரிகளில் வளர்கிறது என்று எழுதினால் எடை கூடும். ஏனென்றால் வளர்கிற உருவகம் அடுத்து எங்கே போகிறது என்ற கேள்வி தானாக எழும். அது எட்டாம் வரிக்குப் போகிறது. மணல்திட்டு கிழவியின் விலா எலும்பு என்றால், மணல் லாரிகள் ஏற்றிக்கொண்டு போவது என்ன? படுத்துக் கிடக்கிற ஒரு கிழவியின் எலும்பை. கவிதை இதை ஓரிடத்திலும் சொல்லவில்லை. மூன்றாம் வரியையும் எட்டாம் வரியையும் சேர்த்துப் படிக்கிறவர்தான் அதைப் பார்க்கிறார். இந்தப் பகுதியில் மிக வலிமையான இடம் இதுதான் என்பேன். அணியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்கிறவர்கள் இதைத் தொடாமலே போய்விடுகிறார்கள்.

அப்புறம் ஏழாவது வரி. "வந்தா சொல்லி அனுப்புவா" என்று ஆறு ஒரு மனுஷியைப் போல நடந்துகொள்கிறது. இதைப் பார்த்ததும் தற்குறிப்பேற்ற அணி என்று எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது. உயிரில்லாதது பேசினால் தற்குறிப்பேற்றம் என்று மனதில் பதிந்துவிட்டது போலும். அந்த அணிக்கு இரண்டு பாகம் வேண்டும். இயல்பாக நடக்கிற ஒரு நிகழ்ச்சி இருக்க வேண்டும், அதன்மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்ற வேண்டும். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. அது இயல்பான நிகழ்ச்சி. "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்று இளங்கோவடிகள் பாடும்போது, வராதீர்கள் என்று தடுப்பதாக அந்த அசைவுக்குக் காரணம் ஏற்றப்படுகிறது. நம் ஏழாம் வரியில் அப்படி ஓர் இயல்பான நிகழ்ச்சியே இல்லை. தண்ணீர் வரவும் இல்லை, ஆறு எதுவும் செய்யவும் இல்லை. மனிதப் பண்பை ஆற்றின்மேல் ஏற்றியிருப்பது மட்டுமே உண்டு. ஆங்கிலத் தாளில் இதைப் பெர்சானிஃபிகேஷன் என்று எழுதலாம். தமிழ்த் தாளில், கிழவி என்ற உருவகம் பேச்சுக்குள்ளும் தொடர்கிறது என்றோ மனிதப் பண்பேற்றம் என்றோ எழுதினால் போதும். மணல் காற்றில் எழும்பிப் பறப்பதைக் காட்டி, அது லாரியை மறித்து "எடுக்காதே" என்று சொல்வதாக ஒரு வரி இருந்திருந்தால் தற்குறிப்பேற்றம் என்று தைரியமாக எழுதலாம்.

ஓசையைப் பற்றி நீட்ட வேண்டாம். பாலாறு, படுத்து என்றும் விலா, வெயிலே என்றும் முதல் நான்கு அடிகள் இரண்டிரண்டாக மோனையால் கட்டுண்டிருக்கின்றன. பிள்ளை பேசத் தொடங்கியதும் அந்தக் கட்டு தளர்ந்து பேச்சு நடை வந்துவிடுகிறது. இந்த ஒரு கவனிப்பை எழுதலாம். மோனைச் சொற்களைப் பொறுக்கி அடுக்குவதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இனி உணர்வு. உணர்வு வாசிக்கிற நமக்குள் எழுவது, தொனி பேசுகிறவரின் குரலில் இருப்பது. இரண்டும் ஒரே திசையில் போகும் கவிதைகள் உண்டு. அவற்றில் இரண்டையும் குழப்பி எழுதினாலும் தப்பித்துவிடலாம். இந்தப் பகுதியில் தப்பிக்க முடியாது.

"சோகச் சுவை" என்று எழுதினால் அது தவறில்லை, போதாது. எந்த வகைச் சோகம், எங்கிருந்து பிறக்கிறது? இதைக் கேட்கும் முறை நம்மிடம் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. மெய்ப்பாடுகளை நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் அது தருகிறது. அழுகைக்கு "இளிவே இழவே அசைவே வறுமை" என்கிறது. இகழப்படுதல், இழத்தல், இருந்த நிலை தளர்தல், இல்லாமை. முதல் நான்கு வரியில் கிழவியின் கிடப்பும் எலும்பும் தளர்ச்சியைக் காட்டுகின்றன. கடைசி வரியில் அது இழவாக மாறுகிறது, ஏனென்றால் இருப்பதையும் யாரோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரே அழுகைதான், ஆனால் அதன் காரணம் நடுவழியில் மாறிவிட்டது. இப்படி எழுதுகிற மாணவர் பகுதியைப் படித்திருக்கிறார் என்று திருத்துகிறவருக்கு உடனே தெரியும்.

நடுவில் வருகிற பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது. நகை பிறக்கும் காரணங்களில் ஒன்றாக இளமையைச் சொல்கிறது அதே நூல். தோளில் இருந்துகொண்டு "தண்ணி எப்ப வரும்?" என்று கேட்கும் குழந்தைத்தனம் சின்னப் புன்னகையைத் தருகிறது. அந்தப் புன்னகையோடு நாம் எட்டாவது வரிக்கு வருவதால்தான் லாரிகள் இன்னும் கனமாக விழுகின்றன. உணர்வு ஒரே மட்டத்தில் நிற்கவில்லை, இறங்கி, கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்குகிறது என்று எழுத இடம் இருக்கிறது. உணர்வைப் பற்றி ஒரே சொல்லில் பதில் எழுதும்போது தொலைவது இந்த நகர்வுதான்.

தொனிக்கு வருவோம். பேசுபவர் அழவில்லை, கோபப்படவில்லை. பிள்ளையிடம் கொஞ்சலாக, பேச்சுத் தமிழில், ஏதோ ஊருக்குப் போன பாட்டியைப் பற்றிச் சொல்வது போலப் பதில் சொல்கிறார். தொனி கனிவானது, கூடவே உண்மையை மழுப்புவது. தொனியைச் சரியாகப் பிடித்தோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. அந்த வரியை மட்டும் மாற்றிப் படித்துப் பாருங்கள். "வந்தா சொல்லி அனுப்புவா" என்பதற்குப் பதில் "இனிமே எங்க வரும், போடா" என்று வைத்தால் சோகம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், ஆனால் குரல் கசப்பாகிவிடும். நாம் மாற்றியது தொனியை. அடுத்து, ஏழாம் வரியை அப்படியே வைத்துக்கொண்டு எட்டாம் வரியை எடுத்துவிடுங்கள். குரல் மாறாது, ஆனால் நமக்குள் இருந்த பாரம் குறைந்து, வறண்ட ஆற்றோரத்தில் ஒரு இனிய உரையாடல் என்ற அளவில் கவிதை நின்றுவிடும். நாம் மாற்றியது உணர்வை. தேர்வு அறையில் இதை மனதுக்குள் செய்ய ஒரு நிமிடம் போதும். எது தொனி, எது உணர்வு என்ற குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும்.

எள்ளல் என்று எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். பிள்ளையை நோக்கிய குரலில் எள்ளலுக்குச் சான்று இல்லை. தோளில் சுமந்திருப்பதும் "அனுப்புவா" என்ற நெருக்கமான வடிவமும் அதற்கு எதிராகவே நிற்கின்றன. ஆனால் முன்னால் சொன்ன இடைவெளி இங்கே உதவுகிறது. லாரிகளைப் பற்றிப் பேசுபவர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கண் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. வாயிலிருந்து வரும் பதிலையும் கண் பார்க்கும் காட்சியையும் அடுத்தடுத்து வைத்தது கவிதை. எனவே பேசுபவரின் தொனி கனிவும் மழுப்பலும், கவிதை முழுவதன் தொனி அடக்கி வைத்த கண்டனம் என்று இரண்டு அடுக்காக எழுதலாம். "சமூக அக்கறை" என்று எழுதுவதும் இதைத்தான் தொட முயல்கிறது. ஆனால் சமூக அக்கறை என்பது ஒரு குணம், குரலின் தன்மையைச் சொல்லும் சொல் அன்று. கனிவு, கசப்பு, கெஞ்சல், இறுமாப்பு, ஏக்கம், ஏளனம், அமைதி, ஆற்றாமை என்று குரலுக்குரிய சொற்களை ஒரு தாளில் எழுதிப் பழகிக்கொள்வது பயன் தரும்.

இவ்வளவையும் சேர்த்து ஒரு விடை எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்: "பாலாற்றைக் கிழவியாக உருவகப்படுத்தும் கவிதை, மணல்திட்டை விலா எலும்பாகவும் வெயிலைப் போர்வையாகவும் விரித்து அவ்வுருவகத்தை வளர்க்கிறது. தளர்ச்சியால் பிறந்த அழுகை, 'மணல் லாரிகளை எண்ணியபடி' என்னும் இறுதி அடியில் இழப்பால் பிறக்கும் அழுகையாக மாறுகிறது. எலும்பாகிய மணலே ஏற்றிச் செல்லப்படுவதை வாசகர் உணர்கிறார். பிள்ளைக்குச் சொல்லும் 'வந்தா சொல்லி அனுப்புவா' என்னும் பேச்சுவழக்கு விடையில் பேசுபவரின் தொனி கனிவாக இருந்தாலும், அவர் சொல்லாமல் விட்டது கண்டனமாக நிற்கிறது." நான்கு வாக்கியம்தான். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்திலேயே அதற்குரிய சொல் பகுதியிலிருந்து வந்திருக்கிறது. எந்த வாக்கியத்தையும் எடுத்து வேறொரு கவிதைக்கு ஒட்ட முடியாது.

இந்தப் பகுதியைப் படித்ததும் நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறொரு சிக்கல் வரும். பாலாறு என்றதும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு நினைவுக்கு வரும். நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலங்களைக் கடக்கும் ஆறு, வழியில் தடுக்கப்படும் தண்ணீர் என்று எழுதத் தோன்றும். 2021 நவம்பரில் வெள்ளம் புரண்டு ஓடியதைப் பார்த்தவர்கள், தண்ணீர் வந்ததே, கவிஞர் சொல்வது சரியில்லையே என்றுகூட எழுதிவிடலாம். எல்லாம் உண்மைதான், ஆனால் இந்த எட்டு வரியில் தோல் கழிவும் இல்லை, தடுப்பணையும் இல்லை, வெள்ளமும் இல்லை. முன்பின் தெரியாத பகுதியாகக் கொடுக்கப்படும்போது, வரியில் கைவைத்துக் காட்ட முடியாத எதையும் எழுதாமல் இருப்பதே பாதுகாப்பு. தெரிந்த ஊர் என்பதால்தான் இங்கே கூடுதல் கவனம் வேண்டும்.

பாடத்திட்டத்தில் உள்ள பாட்டு என்றால் நிலைமை வேறு. புறநானூற்றின் 112ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில், எந்தையும் உடையேம், எம்குன்றும் பிறர்கொளார்" என்று தொடங்கி, இந்த நிலவில் வேந்தர் குன்றையும் கொண்டார், தந்தையையும் இழந்தோம் என்று பாரியின் மகளிர் முடிக்கும் ஐந்தே அடி. இதில் உவமையும் இல்லை, உருவகமும் இல்லை. எதையாவது எழுத வேண்டுமே என்று வெண்ணிலவைப் பிடித்து உவமை என்று எழுதுகிறவர்கள் உண்டு. நிலவு நிலவாகவே இருக்கிறது. அன்றைய நிலவையும் இன்றைய நிலவையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரே வாக்கிய அமைப்பைத் திருப்பிச் சொல்வதில்தான் அந்தப் பாட்டின் வேலை நடக்கிறது. உவமையோ உருவகமோ இன்றி, முரணாலும் மீண்டும் வரும் தொடராலும் கையறுநிலை உணர்த்தப்படுகிறது என்று எழுதினால் அது முழு விடை.

தொனிக்கு அந்தப் பாட்டில் ஓர் இடம் உண்டு. குன்றைக் கொண்டவர்களை "வென்றெறி முரசின் வேந்தர்" என்கிறார்கள். மேலோட்டமாகப் படித்தால் பகைவரைப் புகழ்வது போல இருக்கும். பழைய உரையாசிரியர் அதை இகழ்ச்சிக் குறிப்பாகக் கொள்கிறார், ஏனென்றால் மூவேந்தரும் சூழ்ந்து முற்றியும் போரில் வெல்ல முடியாமல் பாரியை வஞ்சித்தே கொன்றார்கள். அந்த வரலாறு ஐந்தடிக்குள் இல்லை. அது தெரிந்தவருக்கு மட்டுமே "வென்றெறி" என்ற சொல்லில் உள்ள கசப்பு கேட்கும். படித்த பாட்டு என்பதால் அந்தச் செய்தியை விடைக்குள் கொண்டுவரலாம், கொண்டுவரவும் வேண்டும். ஆனால் அதைத் தனிப் பத்தியாகப் பாரியின் கதையாக விரிக்காமல், "வென்றெறி முரசின்" என்ற தொடருக்குப் பக்கத்தில், அந்தத் தொடர் ஏன் இகழ்ச்சியாக ஒலிக்கிறது என்பதற்குக் காரணமாக ஒரே வாக்கியத்தில் வைக்க வேண்டும்.